இருபத்து மூன்றாவது கோடு

தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறையில் கல்யாண வீடியோக்களை எடிட்டிங் செய்து பிழைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீடியோ டெக், இரண்டு டிவி, ஒரு மிக்ஸர். மிக்ஸரில் ஒரு பொத்தானைத் தட்டினால் மாப்பிள்ளை இதய வடிவத்துக்குள் வருவார். இன்னொன்றைத் தட்டினால் பெண் ரோஜாப்பூவிலிருந்து மலர்வாள். ஊரில் பாதிப் பேர் என் தயவில்தான் மலர்ந்தார்கள் என்ற நினைப்பு அப்போது எனக்கு உண்டு.

அந்த நினைப்பை என் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தரையில் போட்டுத் தேய்த்தான்.

அண்ணன் பல்லடம் பக்கத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருந்தான். முந்தைய ஐப்பசி மழையில் செட்டுக் கூரை ஒழுகுகிறதென்று மேலே ஏறினான். ஆஸ்பெஸ்டாஸ் உடைந்து உள்ளே விழுந்தான். இடுப்பிலும் வலது தொடையிலும் எலும்பு முறிவு, காலுக்குப் போகும் நரம்பிலும் அடி. இரண்டு ஆபரேஷன் ஆனது. எலும்பு கூடிவிட்டது, கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நரம்பு மெதுவாகத்தான் திரும்பும், ஆனால் திரும்பும், விடாமல் நடக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சும்மா இருந்தால் தசை சூம்பிவிடும், பிறகு நரம்பு வந்தும் பயனில்லை.

பண்ணை முற்றத்தில் தண்ணீர்க் குழாய்க்கு வாங்கிய இரும்புப் பைப்புகளை இடுப்பு உயரத்துக்கு இரண்டு வரிசைக் கைப்பிடியாக நட்டு, நடுவில் அண்ணனை நடக்கவைத்தார் அண்ணி. தரையில் ஒரு சாண் இடைவெளியில் சுண்ணாம்புக் கோடுகள் போட்டார். கோழிச் செட்டில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. பைப் முடிகிற இடத்தில் இருபத்திரண்டாவது கோடு. அதற்கப்பால் வெறும் தரை. அங்கேயும் முப்பது வரைக்கும் போட்டு வைத்திருந்தார்.

“அங்க எதுக்கு அம்மணி கோடு? ஆரு போறதுக்கு?” என்று அண்ணன் கேட்டானாம். அண்ணி மழையில் அழிந்தவற்றைத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார்.

நடைப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட், மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு நடந்தார் என்று குறித்து வைக்கச் சொல்லியிருந்தார். எழுதுவதைவிட எடுத்து வைப்பது மேல் என்று என்னிடம் சும்மா கிடந்த சின்ன கேமராவைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். கடிகாரத்தைச் சரிசெய்து, படத்தின் மூலையில் தேதி பதிகிற மாதிரி வைத்து, “இந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்குங்க அண்ணி, மிச்சத்த அது பாத்துக்கும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். கேமராவைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைக்கலாம் என்று அண்ணி தானாகவே கண்டுபிடித்தார். எப்போதும் அதே செங்கல் மேல், அதே பக்கம் பார்த்து. பத்து வருடம் தொழில் பழகிய என் உதவியாளர்களுக்குக்கூட அந்தப் புத்தி இருந்ததில்லை.

அக்டோபரில் ஒருநாள் அண்ணி போன் செய்தார்.

“தம்பி, உங்க அண்ணன் பைப்பயே தொட மாட்டேங்கறாருங்க. ஒரு மாசமாச்சு. கட்டல விட்டு எறங்க மாட்டேங்கறாருங்க.”

“என்னாச்சுங்க அண்ணி?”

“ஆகஸ்ட்ல உழுந்தாரல்லொ, அதோட எல்லாம் போச்சுன்னு சொல்றாருங்க. அப்புறம் ஒருநாள் கட்டாயப்படுத்தி நடக்க வெச்சேன். அதோட சரி. மொத நாள் எப்படி இருந்தனோ அப்படியேதான் இருக்கறேன், எதுக்கு இந்தக் கூத்துங்கறாருங்க. டாக்டர் அடி மேல் அடி வெச்சா அம்மியும் நகரும்னாருங்க. அதுக்கு, அம்மி நகரும் டாக்டர், நாந்தான் நகர மாட்டேங்கறேன்னு சொல்லிப்போட்டாருங்க.”

சொல்லிவிட்டு அண்ணி சிரிக்க முயன்றார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இந்தக் குளிர்காலம் போய்விட்டால் கால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அப்புறம் ஆயுசுக்கும் வாக்கர்தான், அதுவும் வீட்டுக்குள் மட்டும்.

“கேசட்டையெல்லாம் பஸ்ல குடுத்து உடுங்க அண்ணி. அவனுக்குப் படம் போட்டுக் காட்டறேன்” என்றேன்.

தினமும் பார்க்கிறவனுக்குத் தன் முன்னேற்றம் தெரியாது. பிள்ளை வளர்வது பெற்றவளுக்குத் தெரியாமல் விருந்தாளிக்குத்தான் தெரியும். பிப்ரவரியையும் ஜூலையையும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினால் எந்தக் கல்லுக்கும் புரிந்துவிடும் என்று நினைத்தேன். அதுவரைக்கும் சரியாகத்தான் நினைத்தேன்.

மொத்தம் எட்டுத் துண்டு. பிப்ரவரியிலிருந்து மாதத்துக்கு ஒன்று. அந்தச் சின்ன கேசட்டுகளைப் பெரிய கேசட் வடிவில் இருக்கும் கூட்டுக்குள் வைத்து ஒரு டெக்கில் ஓட்ட வேண்டும். வேண்டிய இடம் வரும்போது அடுத்த டெக்கில் பதிவுப் பொத்தானைத் தட்ட வேண்டும். வெட்டுவது என்று வாயால் சொல்வோமே தவிர எதையும் வெட்டுவதில்லை, ஒன்றன் பின் ஒன்றாக நகல் எடுப்பதுதான். நடுவில் ஒன்று தவறினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும்.

பிப்ரவரியைப் போட்டுப் பார்த்தேன். அண்ணன் பைப்பைப் பிடித்துக்கொண்டு நான்கு கோடு தாண்டினான். வலது கால் கோணிப்பை மாதிரி பின்னால் இழுபட்டது. மார்ச்சில் ஆறு. ஏப்ரலில் ஒன்பது. மே மாதம் பதினொன்று. ஜூனில் பதினைந்து. ஜூலையில் பத்தொன்பது, அதில் காலைத் தரையைவிட்டுத் தூக்கியே வைத்தான். ஆகஸ்டில் விழுந்தான். செப்டம்பரில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பதினான்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆகஸ்டைத் தூக்கினேன். விழுந்ததைத் திரும்பக் காட்டினால் மனசு ஒடிந்துபோவான் என்று பாசம். செப்டம்பரையும் தூக்கினேன், ஏறுமுகம் இறங்குவானேன் என்று தொழில் புத்தி. ஜூலையோடு படம் சுபம். அத்தோடு நின்றிருக்கலாம். பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியட்டும் என்று பிப்ரவரித் துண்டை ஸ்லோ மோஷனில் ஓடவிட்டேன். ஸ்லோ மோஷனில் சத்தம் வராது. ஆகவே எல்லாவற்றின் மேலும் புல்லாங்குழல் இசையை ஓடவிட்டேன், தாலி கட்டும் இடத்தில் போடுகிற அதே இசை. கோடுகளை எண்ணிக்கொண்டு கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்த அண்ணியின் குரலும் அதில் போய்விட்டது. போனது என் காதில் படவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்துக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தான். அண்ணி கதவோரம் நின்றார். கேசட்டைப் போட்டேன். புல்லாங்குழல் வாசித்தது. அண்ணன் நகர்ந்தான், மாதங்கள் நகர்ந்தன, ஜூலை வந்து நின்றது. நான் கைதட்டலுக்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்திருந்தேன்.

“திரும்ப மொதல்ல இருந்து போடு” என்றான்.

போட்டேன். பிப்ரவரி பாதியில், “நிறுத்து” என்றான். டிவியை நோக்கி விரலை நீட்டினான். பைப்புக்குப் பின்னால் வீட்டில் வளர்க்கும் நாட்டுக்கோழி ஒன்று எதையோ கொத்திக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

“அந்தக் கோழிக்கு என்ன சீக்கு?”

நான் டிவியருகே குனிந்து கோழியைப் பார்த்தேன்.

“வெள்ளக்கழிச்சல் வந்து சாகப்போற கோழிகூட அதவிட வெரசாக் கொத்தும். இருவது வருசமா கோழியோட கெடக்கறேன். எனக்கே படங்காட்டறயா?”

“இல்லண்ணா, கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்னு...”

“ஆகஸ்ட் எங்க?”

நான் கேசட்டை வெளியே எடுக்கப் போனேன்.

“ஜூலை வரைக்குந்தான் தேதி வருது. நான் உழுந்தது எங்கடா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கற. கோழி பொய்யின்னா நானும் பொய்தான். அந்த ஜூலைல நடந்ததையும் நீ வேகமா ஓட்டிப்போட்டியோ என்னமோ, ஆரு கண்டா?”

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஜூலை நிஜம், ஒரு நூல்கூட மாற்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். காதில் வாங்கவில்லை. வாங்குவானேன்? ஒரு பொய்யைக் கண்டுபிடித்தவனிடம் மிச்ச உண்மையை விற்க முடியாது. எனக்கு அவன் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. பஸ்ஸில் சூலூர் தாண்டும்வரைக்கும் அவனைத் திட்டினேன், அதற்குப் பிறகு என்னைத் திட்டினேன். பிறகு அண்ணியின் முகம் நினைவுக்கு வந்தது. இருந்த ஒரு வழியையும் நான் அடைத்துவிட்டு வந்திருந்தேன்.

அடுத்த நாளே கல்யாணக் கேசட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை மிக்ஸரை அணைத்துவிட்டேன். ஒவ்வொரு துண்டும் அண்ணன் முதல் கோட்டில் காலை வைக்கிற இடத்தில் தொடங்க வேண்டும், அவன் களைத்து நிற்கிற இடத்தில் முடிய வேண்டும். வேகத்தில் கை வைக்கக் கூடாது. தேதி மறையக் கூடாது. சத்தம் அப்படியே வரவேண்டும்.

அண்ணி கேமராவை இடம் மாற்றாமல் வைத்ததன் அருமை அப்போதுதான் தெரிந்தது. ஒரு மாதம் முடிந்து அடுத்த மாதம் வரும்போது பைப்பும் செட்டும் வேப்பமரமும் அசையாமல் நிற்கின்றன. அவற்றின் நடுவில் அண்ணன் மட்டும் மாறுகிறான். பிப்ரவரியில் நான்காவது கோட்டில் வளைந்து நின்ற முதுகு, மார்ச் வந்ததும் சட்டென்று முதல் கோட்டில் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது. எந்த இதயமும் ரோஜாவும் செய்யாத வேலையை அந்தச் செங்கல் செய்திருந்தது.

கூடவே அண்ணியின் குரல். “ஒண்ணு... ரெண்டுங்க... மூணு.” பிப்ரவரியில் நான்கோடு நின்ற எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனது. எண்ணிக்கை முன்பு நின்ற இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் குரலில் ஒரு சின்ன நடுக்கம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவன் முன்னேறியது தெரியும். அதன் மேல்தான் நான் புல்லாங்குழலை ஊற்றியிருந்தேன்.

பிறகு ஆகஸ்டைப் போட்டேன். முன்பு அதை முழுதாகப் பார்க்காமலே ஒதுக்கியிருந்தேன். அண்ணன் வேகமாகவே நடந்து வந்தான். பத்தொன்பது. இருபது. இருபத்திரண்டு. பைப் முடிந்தது. நின்றான். கைகளை எடுத்தான். கையை எடுத்ததும் விழுந்துவிட்டேன் என்றுதான் அவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான், நாங்களும் அப்படித்தான் நம்பினோம். ஆனால் கேசட்டில் அண்ணியின் குரல், “இருவத்தி மூணு” என்றது. அதற்குப் பிறகுதான் அலறல்.

திரும்ப ஓட்டினேன். டெக்கின் சக்கரத்தை விரலால் மெதுவாகத் திருப்பி ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். கைகள் பைப்பில் இல்லை. வலது கால் முன்னே போகிறது, கோட்டைத் தாண்டி ஊன்றுகிறது, உடம்பு அதன் மேல் நிற்கிறது. அதற்குப் பிறகு இடது காலை எடுக்கும்போதுதான் சரிகிறான். எதையும் பிடிக்காமல், ஆகாத அந்தக் காலின் மேல், ஒரு அடி. எனக்கு அழுகை வந்தது. கடையில் தனியாகத்தான் இருந்தேன், அதனால் அழுதேன்.

அதற்குப் பின்னால் இருந்ததைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. கேமரா தொட்டி மேல் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி படத்துக்குள் ஓடிவந்து, விழாத குறையாக மண்டியிட்டார். எட்டு மாதத்தில் அவர் படத்தில் வருவது அந்த ஒரு இடத்தில்தான். அண்ணனின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். அண்ணன் அந்தக் கையை உதறித் தள்ளினான். தள்ளிய வேகத்தில் அண்ணி பக்கவாட்டில் சரிந்தார். முழங்கை பைப்பில் மோதிய சத்தம் கேசட்டில் தெளிவாகக் கேட்டது. ஒரு நிமிஷம் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, அந்தக் கையை மடக்கிக்கொண்டே, இன்னொரு கையை அவனிடம் நீட்டினார்.

இதை வைப்பதா, எடுப்பதா? விழுந்தவுடன் நிறுத்திவிடலாம், ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் எதையாவது எடுத்தால் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயம் ஒரு பக்கம். இவன் இதைப் பார்க்கத்தான் வேண்டும் என்ற கோபம் இன்னொரு பக்கம். எது என் கையைத் தடுத்தது என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அப்படியே விட்டேன். அதற்குப் பின்னால் செப்டம்பரைச் சேர்த்து முடித்தேன்.

அடுத்த ஞாயிறு கேசட்டோடு போனேன். அண்ணன் எகத்தாளமாகத்தான் வரவேற்றான்.

“இந்த வாட்டி நான் ஓடறனா, பறக்கறனா?”

“கோழியப் பாத்துக்கிட்டே இரு. மெதுவாக் கொத்துனா என்னயக் கொத்து” என்றேன்.

உண்மையாகவே கோழியைத்தான் பார்த்தான். பிப்ரவரியில் பார்த்தான், மார்ச்சில் பார்த்தான். ஏப்ரல் வந்தபோது கண் கோழியைவிட்டுக் காலுக்கு வந்துவிட்டது. ஜூனில் தலையணையைவிட்டு முதுகை எடுத்து உட்கார்ந்தான். ஆகஸ்ட் என்று மூலையில் வந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அண்ணி கதவோரத்திலிருந்து உள்ளே போகத் திரும்பினார்.

“இரு புள்ள” என்றான் அண்ணன்.

இருபத்தி மூணு என்ற குரல் வந்தது. நான் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி காட்டி, அங்கேயே நிறுத்தினேன்.

“கைய எடுத்ததும் உழுந்துபோட்டேன்னுதான நெனச்சேன்” என்றான்.

“ஒரு அடி வெச்சிருக்கறண்ணா. அந்தக் கால்ல நின்னிருக்கற.”

“பொறவு எல்லாம் போயிருச்சே.”

“எங்க போச்சு? செப்டம்பர்ல பதினாலு கோடு. மே மாசத்துல பதினொண்ணுதான் நடந்த. நீ மொத நாளுக்கா போன? ஜூனுக்குத்தான் போன.”

அதை நான் கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். விழுந்ததையும் செப்டம்பரையும் தூக்கி எறிந்தவன் நான்தான் என்பதைச் சொல்லவில்லை. அவை இல்லாமல் இந்தக் கணக்கே வந்திருக்காது.

அண்ணன் டிவியை நோக்கி விரலை நீட்டினான். நிறுத்தி வைத்திருந்த இடத்திலிருந்து படத்தை ஓடவிடச் சொன்னான். ஓடவிட்டேன். அண்ணி ஓடிவந்தார், அவன் தள்ளினான், முழங்கை மோதியது. செப்டம்பர் வந்து, பதினாலு வரை எண்ணி, டிவி கரகரவென்று வெளுத்தது. நான் எழுந்து அணைத்தேன்.

“அப்ப முழங்கைல போட்டிருந்த கட்டு தீவன மூட்ட தூக்குனதுல வந்ததுன்னு சொன்னயே” என்றான், அண்ணியைப் பார்க்காமல்.

“மூட்டையும்தானுங்க தூக்குனேன்.”

“எத்தன நாள் வலிச்சுது?”

“அது கெடக்குதுங்க.”

“கேக்கறனல்லொ அம்மணி.”

“குளுந்தா இப்பவும் வலிக்குதுங்க” என்றார் அண்ணி.

அண்ணன் தன் வலது தொடையை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டிலிலிருந்து கீழே இறக்கினான். அப்புறம் இடது காலையும் இறக்கி, வெகுநேரம் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அழுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் இருவரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நாளைக்குக் காலைல நீ கேமராகிட்ட நிக்காத” என்றான். “பைப்பு முடியற எடத்துல வந்து நில்லு.”

“அப்பக் கோடு ஆருங்க எண்ணறது?”

“நானே எண்ணிக்கறேன்” என்றான் அண்ணன்.